படத்தில் பாதி தெரியாத பயிற்சித்தாள்: அடிப்படை ஆண்டு எது?

(தில்லித் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

மயூர் விகாரிலிருந்து ஒரு தாய்: டீச்சர், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். விலைக் குறியீட்டு எண் கணக்கில் அவனுக்கு விடை 76.4 வருகிறது, விடைத்தாளில் 130.9 இருக்கிறது. பெருக்கலும் கூட்டலும் சரியாகத்தான் இருக்கின்றன. எங்கே தவறினான்?

பெருக்கலில் குறையே இல்லை, அம்மா. அட்டவணையின் இடப்பக்கம் 2023, வலப்பக்கம் 2018 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் இருப்பதுதான் பழைய ஆண்டு என்று அவன் கை பழகியிருக்கிறது. படத்தின் அடியில் “2018=100” என்ற வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது, பாருங்கள். 2018தான் அடிப்படை ஆண்டு, அதன் விலையை நூறாக வை என்று சொல்லும் வரி அது. அதைப் படித்துவிட்டுக் கணக்கைத் தொடங்கியிருக்க வேண்டும்.

2018 விலையில் அரிசி 40 ரூபாய், துவரம் பருப்பு 80, எண்ணெய் 100, பால் 40. 2023இல் அவை 50, 120, 150, 50. வாங்கிய அளவு 2018க்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்: 20 கிலோ அரிசி, 4 கிலோ பருப்பு, 3 லிட்டர் எண்ணெய், 30 லிட்டர் பால். அந்தக் கூடையை 2018 விலையில் வாங்கினால் 800, 320, 300, 1200, ஆக 2620 ரூபாய். அதே கூடைக்கு 2023 விலையில் 1000, 480, 450, 1500, ஆக 3430 ரூபாய். கீழே P என்பது விலை, Q என்பது அளவு; 0 அடிப்படை ஆண்டு, 1 நடப்பு ஆண்டு.

```
P01 = ΣP1Q0 / ΣP0Q0 × 100
    = 3430 / 2620 × 100 = 130.9
```

உங்கள் மகன் 2620ஐ 3430ஆல் வகுத்துவிட்டான். விடை வந்ததும் அட்டவணையை ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் அவனே பிடித்திருப்பான். நான்கு பொருளுமே விலை ஏறியிருக்கும்போது குறியீட்டு எண் நூறுக்குக் கீழே போகாது. இன்னொரு துப்பும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. லாஸ்பியர் முறையில் கூடை அடிப்படை ஆண்டுக்கு உரியது. எந்த ஆண்டுக்கு அளவு கொடுத்திருக்கிறார்களோ அதுதான் அடிப்படை ஆண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பாசி முறையில் நடப்பு ஆண்டின் அளவைக் கொடுப்பார்கள். எனவே எந்த முறை கேட்டிருக்கிறது என்று பார்க்காமல் இந்தத் துப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது.

கரோல் பாகிலிருந்து ஒரு தந்தை: 76.4 வந்தால் என்ன? நூறிலிருந்து கழித்தால் 23.6 சதவீதம். விலை ஏற்றம் அதுதானே? எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் இடைவெளி ஒன்றுதான்.

ரூபாயில் இடைவெளி ஒன்றுதான், நீங்கள் சொல்வது சரி: 810 ரூபாய். சதவீதம் ஆக்கும்போதுதான் பிரிகிறது. 2620லிருந்து ஏறினால் 810 என்பது 30.9 சதவீதம். 3430லிருந்து இறங்கினால் அதே 810 வெறும் 23.6 சதவீதம். விலை ஏற்றம் கேட்டால், ஏறத் தொடங்கிய இடத்தால்தான் வகுக்க வேண்டும்.

ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு மாணவி: என் படத்தில் முதல் வரியே வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. 2019க்கு 106, 2020க்கு 115, 2021க்கு 121 என்று மட்டும் தெரிகிறது. அடிப்படை ஆண்டே தெரியாமல் பணவீக்கம் கணக்கிட முடியுமா, மேடம்?

முடியும். ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கத்துக்கு அடிப்படை ஆண்டு தேவையே இல்லை. முந்தைய ஆண்டின் குறியீட்டு எண் போதும். 2020இல் 106லிருந்து 115க்குப் போயிருக்கிறது, ஒன்பது புள்ளி ஏற்றம். ஒன்பதை 106ஆல் வகுத்தால் 8.5 சதவீதம். 2021இல் ஆறு புள்ளி, அதை 115ஆல் வகுத்தால் 5.2 சதவீதம். புள்ளியையே சதவீதம் என்று எழுதிவிடும் பிள்ளைகள்தான் அதிகம். நீ வகுக்க மறக்காதே.

நம்பிக்கை வரவில்லையென்றால் 2019ஐயே நூறாக்கிப் பார். மூன்று எண்களையும் 106ஆல் வகுத்து நூறால் பெருக்கு. 100, 108.5, 114.2 என்று வரும். எண்கள் மாறிவிட்டன, ஆனால் 2021இன் பணவீக்கம் அதே 5.2 சதவீதம். நூறு எங்கே நின்றாலும் இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலான விகிதம் அசையாது. அடிப்படை ஆண்டிலிருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற கேள்விக்கு மட்டும் வெட்டுப்பட்ட அந்த வரி வேண்டும். தோழியிடம் வேறு படம் கேட்டு வாங்கு.

அவளுடைய வகுப்புத் தோழன்: என் படத்தில் மேல் வரி தெரிகிறது: 2018க்கு 100. எங்கள் விடைத்தாளில் “2021 பணவீக்கம் 21 சதவீதம்” என்று இருக்கிறது. 121இல் 100 போனால் 21. அப்படியானால் நீங்கள் சொன்ன 5.2 தவறா?

அந்த 21, 2018லிருந்து 2021 வரை மூன்று ஆண்டுகளில் சேர்ந்த ஏற்றம். ஓர் ஆண்டின் பணவீக்கம் அதுவல்ல. ஆனால் தாளில் கேள்வியே “2018ஐ அடிப்படையாகக் கொண்டு 2021க்கான பணவீக்க வீதம் காண்க” என்று இருக்கிறது. கேட்டவர் மனத்தில் எது இருந்தது என்று அந்த வாக்கியத்திலிருந்து உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. நானாக இருந்தால் இரண்டையும் எழுதி, எது எந்தக் காலத்துக்கு என்று பக்கத்திலேயே குறிப்பேன். உன் ஆசிரியரிடம் கேட்டுவிடு.

மத்திய அரசு ஊழியர் ஒருவர்: பிள்ளைகள் கணக்கு இருக்கட்டும். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு 2020 ஆகஸ்டில் 338. செப்டம்பரில் 118.1. ஒரே மாதத்தில் விலை இப்படி விழுந்ததா? இதை வைத்து எங்கள் அகவிலைப்படியைக் குறைத்துவிட்டார்களா?

விலை விழவில்லை, சார். அந்த மாதம்தான் அடிப்படை ஆண்டை 2001லிருந்து 2016க்கு மாற்றினார்கள். 338 என்பது 2001ஐ நூறாக வைத்தது, 118.1 என்பது 2016ஐ நூறாக வைத்தது. இரண்டையும் நேராகக் கழித்தால் 65 சதவீத வீழ்ச்சி என்று வரும். அப்படியொன்று எந்தக் கடையிலும் நடக்கவில்லை. இதற்காகவே 2.88 என்ற இணைப்புக் காரணியை வெளியிட்டார்கள். 118.1ஐ அதனால் பெருக்கினால் 340.1. ஆகஸ்டின் 338லிருந்து சுமார் 0.6 சதவீத ஏற்றம், அவ்வளவுதான். 2.88 அகில இந்திய எண்ணுக்கு உரியது. தனித்தனி நகர மையங்களுக்குக் காரணி வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் படி குறையாது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய சூத்திரத்தில், பழைய அடிப்படைக்கு மாற்றிய பன்னிரண்டு மாதச் சராசரியிலிருந்து 261.42ஐக் கழித்து, அதே 261.42ஆல் வகுக்கிறார்கள். அந்த 261.42தான் 2015ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதச் சராசரி. குறியீட்டின் நூறு 2001இல் நின்றாலும், உங்கள் படி ஏறத் தொடங்கும் இடம் 2015. பிள்ளைகளின் தாளில் கேட்பதும் இதே கேள்விதான்: எந்த எண்ணால் வகுக்கிறோம்?

முனிர்க்காவிலிருந்து ஒரு மாணவன்: தாளின் கடைசிக் கேள்வி: “தகுந்த அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுத்துக் காரணம் கூறுக.” எந்த ஆண்டை எடுத்தாலும் விகிதம் மாறாது என்றீர்கள். அப்படியானால் 2020 என்று எழுதலாமா?

எழுதாதே, தம்பி. நான் சொன்னது ஏற்கெனவே தயாரித்து முடித்த குறியீட்டில் நூறை இடம் மாற்றுவதைப் பற்றி. இங்கே கூடையையே ஓர் ஆண்டிலிருந்து எடுக்கப் போகிறோம். மக்கள் வழக்கம்போல் வாங்கிய, விலை வழக்கம்போல் இருந்த ஆண்டாக அது இருக்க வேண்டும். 2020இல் ஊரடங்கால் பஸ் கட்டணம், உணவகச் செலவு எல்லாம் பல வீடுகளில் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. ஏப்ரல், மே மாதங்களில் விலை சேகரிப்போர் கடைகளுக்கே போக முடியாமல், நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு மதிப்பீட்டு எண்களைத்தான் பின்னர் தந்தார்கள். அந்த ஆண்டின் கூடையை வைத்து 2023ஐ அளந்தால், பஸ் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் கூடையில் அதற்கு எடையே இருக்காது. உன் அட்டவணையில் 2018, 2019 இரண்டும் இருக்கின்றன. ஊரடங்குக்கு முந்தையது, 2023க்கு அதிகம் பழையதும் அல்ல என்பதால் நான் 2019ஐ எடுப்பேன். 2018 என்று எழுதினாலும், காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.