"வல" என்பது வலியா?

கேள்வி: அண்ணன் கண்ணால் டைப் செய்கிறார். இரண்டு எழுத்து வந்ததுமே நாங்களே வார்த்தையை முடித்துச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு வேலை மிச்சம்தானே?

பல நேரம் வேலை கூடத்தான் செய்யும். எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

நைனாவுக்கு மூளைத்தண்டில் பக்கவாதம். கட்டைவிரல் மட்டும் அசையும், அதன் கீழே ஒரு ஸ்விட்ச். திரையில் எட்டு வரிசை. ஒவ்வொரு வரிசையாக ஒன்றரை விநாடி வெளிச்சம் நகரும். வேண்டிய வரிசையில் ஒரு அழுத்து, அப்புறம் அதற்குள் அதே வேகத்தில் கட்டம் கட்டமாக நகரும்போது இன்னொரு அழுத்து.

ஒருநாள் "வல" என்று வந்தது. வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். அடுத்து "வல த" வந்தது. தைலம் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: வலது பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 'வ' மூன்றாம் வரிசையில் இரண்டாம் கட்டம், ஏழரை விநாடி. 'ல' ஆறு. 'த' நாலரை. ஆனால் உகரக் குறி நான்காம் வரிசையில் நான்காம் கட்டம், அதற்கு மட்டும் 12 விநாடி. எழுத்தைவிடக் குறிக்குத்தான் நேரம் அதிகம். அதனால்தான் அவர் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிடுகிறார். வேற்றுமை உருபும் போய்விடும். "அம மரந" என்றால் அம்மாவின் மருந்தா, அம்மாவுக்கு மருந்து கொடு என்பதா? அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எழுதி முடித்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே கேள்வியாக, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லும்படி. ஆமாம் என்றால் நைனா கண்ணை மேலே தூக்குவார். முடிந்தது என்பதற்கு இரண்டு முறை தூக்குவார்.

நடுவில் பேசினால் என்ன ஆகும்? கவனம் சிதறி வரிசையைத் தவறவிடுவார். எட்டு வரிசையும் சுற்றி வர இன்னொரு 12 விநாடி. தப்பான எழுத்து விழுந்துவிட்டால் அதை அழிக்கவும் அதே கதை.

உங்கள் அண்ணனுக்கு ஸ்விட்ச் இல்லை, ஒரு எழுத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அது பதியும். நீங்கள் பேசியதும் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அந்தப் பார்வை அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எழுதும்போது அவர் உங்களைப் பார்க்காவிட்டால் வருத்தப்படாதீர்கள், அவர் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

நைனாவின் திரையில் இப்போது முதல் வரிசை முதல் கட்டத்தில் "அது இல்லை" என்று வைத்திருக்கிறோம். நான் தப்பாகப் பிடித்துக்கொண்டால் மூன்றே விநாடியில் நைனா என்னை நிறுத்திவிடலாம். இதனால் மற்ற எல்லா எழுத்தும் ஒரு வரிசை கீழே இறங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை விநாடி கூடிவிட்டது. பரவாயில்லையா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். கண்ணை மேலே தூக்கினார்.