‘தமிழ் கிளாஸ்’ – எந்த வகுப்பு, எந்த நேரம், எந்த டீச்சர்?

கேள்வி: தமிழ் கிளாஸ்.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இடம் கேட்கிறாரா, கட்டணம் கேட்கிறாரா, நல்ல டீச்சரைக் கேட்கிறாரா என்று பிடிபடவில்லை. தொலைபேசி இலக்கம் இருந்ததால் எடுத்துக் கதைத்தேன். மகள் தரம் 4, ஆங்கில மொழிமூலம். வீட்டில் தமிழ் வாய் ஓயாது. ஒரு வரி வாசிக்கச் சொன்னால் மட்டும் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விடுவாளாம்.

தாய் மூன்று இடங்களை விசாரித்து வைத்திருந்தார். சனி பின்னேரம் பக்கத்து ஒழுங்கையில் தரம் 4 குழு வகுப்பு. ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் ஆரம்ப வகுப்பு. மூன்றாவது, கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்து படிப்பிக்கிற டீச்சர். “சனிக்கிழமை என்றால் நடந்தே கூட்டிக்கொண்டு போகலாம்” என்று முதலாவதையே எடுக்கப் பார்த்தார்.

அதில்தான் சிக்கல். நேரத்தை முதலில் பார்த்து வகுப்பைத் தெரிவுசெய்தால், பிள்ளையின் நிலை கடைசியில்தான் தெரியவரும், அதுவும் காசு கட்டிய பிறகு. தமிழ்மொழிமூலப் பிள்ளை தரம் 4க்கு வரும்போது மூன்று வருடம் வாசித்துவிட்டு வந்திருக்கும். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் அந்த வகுப்பு மாதிரி வினாத்தாளும் கட்டுரையுமாக ஓடும். அங்கே இந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் வரைந்துகொண்டிருப்பாள்.

ஆகவே முதலில் நிலை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் edupub.gov.lk தளத்தில் பாடசாலைப் புத்தகங்களை இலவசமாக இறக்கலாம். தரம் 1, 2 தமிழ்ப் புத்தகங்களை எடுத்து, பிள்ளை பார்க்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள், திருத்தாதீர்கள். தடக்கிய சொற்களை மட்டும் ஒரு துண்டில் குறியுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்று தடக்கினால் அந்தப் புத்தகம் சரி. மூன்று தடக்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள். இது என் கைக்கணக்கு, ஆனால் என்னை ஏமாற்றியதில்லை.

தாய் அன்று இரவே செய்து பார்த்தார். தரம் 2 புத்தகத்தில் 40 சொல்லுக்கு 13 தடக்கல். தரம் 1இன் கடைசிப் பக்கங்களை ஓரளவு சரளமாக வாசித்தாள். எண்ணிக்கையைவிட எந்த இடத்தில் தடக்கினாள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. துண்டின் படத்தை அனுப்பச் சொன்னேன். பாதிச் சொற்களில் கெ, கே, கொ வகை. ஆங்கிலம் வாசித்துப் பழகிய கண் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டு போகும். தமிழில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. மிச்சம் பெரும்பாலும் உகரம்: சு, டு, நு.

அதாவது பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, உயிர்மெய்க் குறிகளில் சில கூட்டம் மட்டும் தெரியாது. கொட்டாஞ்சேனை வகுப்பில் ‘அ’விலிருந்து தொடங்குவார்கள், பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒன்பது வயதுக்காரி இரண்டாவது ஞாயிறே வயிற்றுவலி என்பாள். வீட்டுக்கு வரும் டீச்சர்தான் பொருத்தம். இந்தக் கட்டத்தில் கிழமைக்கு ஒருமுறை இரண்டு மணித்தியாலம் என்பதைவிட இரண்டு முறை முக்கால் மணித்தியாலம் நல்லது. ஏழு நாள் இடைவெளியில் ‘நு’வும் ‘று’வும் மறுபடி கலந்துவிடும். பள்ளி வான் இறக்கிவிட்டதும் உடனே வைக்காதீர்கள், சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.

(இதே இரண்டு சொல்லைச் சிங்கள மொழிமூலப் பிள்ளையின் பெற்றோர் அனுப்பியிருந்தால் பதில் வேறு. அது இரண்டாம் மொழித் தமிழ், பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான டீச்சரும் வேறு.)

டீச்சரிடம் ஒரு பரீட்சார்த்த வகுப்பு கேளுங்கள். அதில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: யாருடைய வாய் அதிக நேரம் திறந்திருக்கிறது? என் மகனை ஒரு வருடம் ஒரு வகுப்புக்கு அனுப்பினேன். கொப்பி முழுக்க முத்துமுத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்புச் சரி. ஒருநாள் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். “பாமசி” என்றான். பலகையில் தமிழில் இருந்தது ‘மருந்தகம்’. பக்கத்து ஆங்கிலத்தைப் பார்த்திருக்கிறான். மும்மொழிப் பலகை நல்ல காரியம்தான், ஆனால் வாசிப்பைச் சோதிக்கும்போது கையால் ஆங்கிலத்தை மறையுங்கள். விசாரித்தபோது விளங்கியது: அந்த வகுப்பில் டீச்சர் வாசிப்பார், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள், பிறகு பார்த்து எழுதுவார்கள். தனியாக வாசிக்க அவனுக்கு ஒருநாளும் முறை வந்ததில்லை.

டீச்சரிடம் ஒரு கேள்வியும் கேட்கலாம்: “உகரம் எப்படிப் படிப்பிப்பீர்கள்?” 18 எழுத்தையும் வரிசையாக எழுதவைப்பேன் என்றால் யோசியுங்கள். வடிவம் பார்த்துப் பிரிப்பேன் என்பவர் அனுபவசாலி. கு, டு, மு, ரு ஒரு கூட்டம், சு, பு, யு, வு இன்னொன்று, து, நு, லு, று வேறொன்று. கூட்டமாகப் பார்த்தால் மூன்று பழக்கம்தான், வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் புதிது.

அப்புறம் காசு. கட்டணம் மாதத்துக்கா, வகுப்புக்கா என்று முதலே கேளுங்கள். போயா, பாடசாலை விடுமுறை, டீச்சருக்குச் சுகமில்லை என்று ஒரு மாதத்தில் எட்டு வகுப்பு ஐந்தாகக் குறையலாம். விட்ட வகுப்புக்குப் பதில் வகுப்பு உண்டா என்பதையும் பேசிவிடுங்கள். ஒரு தவணைக்கு முற்பணம் வேண்டாம், முதல் இரண்டு மாதமும் மாதமாகவே கொடுங்கள். வீட்டுக்கு வருபவரிடம் ரசீது எதிர்பார்க்க முடியாது. கொப்பியின் பின்னட்டையில் வந்த திகதியை அவரே எழுதட்டும். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வராது.

முன்னேற்றத்தைக் கொப்பியில் தேடாதீர்கள். ஆறு கிழமை கழித்து அதே தரம் 2 புத்தகத்தில் வேறொரு பக்கம், அதே 40 சொல், அதே துண்டு. 13 என்பது ஆறு ஏழுக்கு வந்திருந்தால் டீச்சர் வேலை செய்கிறார். எண்ணிக்கை அவ்வளவு இறங்காமல், கொம்பு போய் வேறு தடக்கல் வந்திருந்தாலும் நல்லதே. ‘சென்றான்’ என்று சரியாக வாசித்துவிட்டு “அப்படியென்றால் என்ன?” என்று கேட்டால் அது எழுத்துப் பிரச்சினை அல்ல, வீட்டில் எல்லோரும் ‘போனான்’ என்பதால் வருவது. அதற்கு வகுப்பு தேவையில்லை, இரவில் நீங்கள் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டினால் போதும். 13 பதின்மூன்றாகவே, அதுவும் அதே கெ, கொவிலேயே நின்றால் துண்டை டீச்சரிடம் காட்டுங்கள். அவர் துண்டைப் பார்க்காமல் கொப்பியை விரித்துக் காட்டினால், அந்த மாதத்தோடு வேறு ஆளைப் பாருங்கள்.