46 என்று எண்ணியும் ஒன்று கூடுதல்

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு ரத்தம் எடுத்துச் சோதித்து, குரோமோசோம் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். வரி வரியாகக் கோடு போட்ட சின்னச் சின்னப் புழுக்கள் போல இருக்கிறது. அதில் ஒன்று கூடுதல் என்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

பதில்:

பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகும் இடமும் உண்டு. டர்பனில் இந்தப் படங்களைத் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இரண்டு வகையையும் என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது கேரியோடைப். ஒருவர் உட்கார்ந்து அடுக்கிய படம் அது. நுண்ணோக்கியில் நாங்கள் முதலில் பார்ப்பது அப்படி இருக்காது. ஒரே செல்லின் குரோமோசோம்கள் கண்ணாடிச் சில்லில் கொட்டிய மிளகாய் விதை போலச் சிதறிக் கிடக்கும். அவற்றை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அதன் இணையைத் தேடிப் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் படம் கிடைக்கும். நான் பணியில் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா, புகைப்படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி அட்டையில் ஒட்டிப் பழகியவர். இப்போது அதே வேலையைத் திரையில் செய்கிறோம்.

சிதறச் செய்வதற்கே நான்கு நாள் வேண்டும். ரத்தத்தின் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, அதனால் வெள்ளையணுதான் எங்களுக்குப் பயன்படும். அதுவும் ரத்தத்தில் பிரியாமல் சும்மா மிதந்துகொண்டிருக்கும். ராஜ்மா விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி சூட்டில் மூன்று நாள் வைத்தால் அது விழித்துக்கொண்டு பிரியத் தொடங்கும். இங்கே நாம் கறி வைக்கும் சுகர் பீன்ஸும் அந்த ராஜ்மா இனம்தான். குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு குட்டையாக இருக்கும் தருணத்தில் ஒரு மருந்தைச் சேர்த்துப் பிரிவதை நிறுத்துகிறோம். பிறகு பொட்டாசியம் குளோரைடு கலந்த நீர்த்த கரைசலை ஊற்றினால், செல்கள் நீரை உறிஞ்சிப் புடைக்கும். அவற்றை மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் நிலைநிறுத்தி, சில்லின்மேல் துளித்துளியாக விடும்போது குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் விலகி விழுகின்றன. இந்தப் புடைக்க வைக்கும் படி பழக்கத்துக்கு வரும்வரை, மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் சொல்லிவந்தன. கொத்தாகக் கிடந்ததை யாராலும் சரியாக எண்ண முடியவில்லை. 1956-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜியோ, லெவான் இருவரும் 46 என்று எண்ணிக் காட்டினார்கள்.

நல்ல சில்லிலும் எண்ணுவதில் பிழை வரும். இரண்டு குரோமோசோம்கள் சிலுவை போலக் குறுக்கே விழுந்தால் ஒன்றாகத் தெரியும். செல் வெடிக்கும்போது ஒன்று தூரப் போய்விட்டால் 45 ஆகும். பக்கத்துச் செல்லிலிருந்து ஒன்று மிதந்து வந்தால் 47 ஆகும். அதனால் ஒரு செல்லை நம்பி எதையும் எழுதுவதில்லை. வழக்கமாக 20 செல்களை எண்ணுகிறோம். ஒரு செல்லில் 9-ஆம் குரோமோசோம் இல்லை, இன்னொன்றில் 17 இல்லை என்றால் அது சில்லு தயாரித்ததில் வந்த இழப்பு. எந்தச் செல்லை எடுத்தாலும் 47, அதிலும் கூடுதலாக இருப்பது ஒரே குரோமோசோம் என்றால் அது குழந்தையின் உடலில் உள்ளது.

எது கூடுதல் என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதற்குத்தான் இணை சேர்க்க வேண்டும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையின் மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். பிறந்து ஐந்து நாள். 20 செல்களிலும் 47. நான் பெரியவற்றிலிருந்து தொடங்குவேன். 1-ஆம் குரோமோசோம்தான் மிகப் பெரியது, இடுப்பு என்று நாங்கள் சொல்லும் ஒடுங்கிய இடம் அதற்கு நடுவில் இருக்கும். இரண்டு கிடைத்தன, வைத்தேன். இப்படி நீளத்தையும், இடுப்பு எந்த இடத்தில் ஒடுங்குகிறது என்பதையும், குறுக்கே ஓடும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளையும் பார்த்துப் பார்த்து இறங்கினேன். எக்ஸ் இரண்டு இருந்தன. 20-ஆம் இணை வரைக்கும் குறையும் இல்லை, மிச்சமும் இல்லை. கடைசியில் இடுப்பு ஓர் ஓரத்திலேயே இருக்கும் மிகச் சிறியவை ஐந்து மிஞ்சின.

இந்த ஐந்து என்ற எண்ணில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நல்ல உடல்நலமுள்ள ஆண் குழந்தையிடமும் இதே வடிவத்தில் ஐந்து சிறியவை இருக்கும். 21 இரண்டு, 22 இரண்டு, ஒய் ஒன்று. பெண் குழந்தையிடம் ஒய் கிடையாது, ஆகவே நான்குதான் இருக்க வேண்டும். சிறியவற்றை மட்டும் பார்த்து ஐந்து சரி என்று நகர்ந்தால் தவறாகிவிடும்.

அந்த ஐந்தில் எது எது என்று சொல்வது பட்டைகள்தான். சில்லைச் சில நொடிகள் டிரிப்சின் என்ற செரிமான நொதியில் நனைத்து, கீம்சா சாயத்தில் தோய்த்தால் பட்டைகள் தெரியும். 21-இல் இடுப்புக்குச் சற்றுக் கீழே தடித்த கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும். தூரத்திலிருந்தும் கண்ணில் படும். 22 மொத்தத்தில் வெளிறியது, நடுவில் மங்கலாக ஒரு மெல்லிய கோடு மட்டும். ஒய்க்கு அடிநுனியில் கறுப்பு. அந்தக் குழந்தையின் ஐந்தில் மூன்றில் தடித்த கறுப்புப் பட்டை, இரண்டு வெளிறியவை. `47,XX,+21` என்று எழுதினேன். டவுன் சிண்ட்ரோம்.

1959-இல் பாரிஸில் லெஜன் குழுவினர் இந்தக் கூடுதல் குரோமோசோமை முதலில் அறிவித்தபோது பட்டை போடும் முறையே வரவில்லை. மிகச் சிறியது ஒன்று கூடுதல் என்றுதான் அவர்களால் பார்க்க முடிந்தது. நீளத்தை வைத்து எண் கொடுத்ததால் 21 பெரியது, 22 சிறியது என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் 21-தான் எல்லாவற்றிலும் சிறியது. பெயர் ஊன்றிவிட்டதால் மாற்றவில்லை. உங்கள் படத்தில் 21, 22-ஐ விடக் குட்டையாக இருந்தால் யாரோ தவறாக அடுக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இனி எண்ணிக்கை ஏமாற்றும் இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண் குழந்தையின் மாதிரி வந்தது. கண்ணின் சாய்வு, உள்ளங்கையில் ஒற்றைக் கோடு, துவண்ட கைகால் எல்லாவற்றையும் மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். என்னிடம் பயிற்சியில் இருந்த தம்பி 20 செல்களை எண்ணிவிட்டு வந்து, "அக்கா, எல்லாம் 46. இயல்பாகத்தான் இருக்கிறது" என்றார். அடுக்கிப் பார்த்தாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை.

இருவருமாக அடுக்கினோம். 21-ஆம் இடத்தில் இரண்டு, முறையாக. 22-இலும் இரண்டு, ஒய் ஒன்று. 14-ஆம் இடத்தில் ஒன்றே ஒன்று. எந்த இணையிலும் சேராத ஒன்று மிச்சமாகக் கையில் நின்றது. 14-க்கு இடுப்பு உச்சியில் இருக்க வேண்டும், மேலே மிகச் சிறிய நுனிதான் இருக்கும். இதற்கோ இடுப்புக்கு மேலும் நல்ல நீளத்தில் ஒரு கை. கீழ்க்கையின் பட்டைகள் அப்படியே 14. மேல்கையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் இடுப்பை ஒட்டி அதே தடித்த கறுப்புப் பட்டை. அது 21-இன் நீண்ட கை. 14-உம் 21-உம் இடுப்பில் ஒட்டி ஒன்றாகிவிட்டன. பொருள் இரண்டினுடையது, எண்ணினால் ஒன்று. ஆக அந்தக் குழந்தையிடம் 21-இன் பொருள் மூன்று பங்கு இருந்தும் எண்ணிக்கை 46. அறிக்கையில் அதை `46,XY,der(14;21)(q10;q10),+21` என்று எழுதுவோம்.

ஒட்டும்போது இரண்டின் சிறு நுனிகள் தொலைந்துபோகின்றன. அதனால் தீங்கில்லை, ஏனென்றால் அந்த நுனிகளில் உள்ள மரபணுக்களின் பிரதிகள் 13, 15, 22 போன்றவற்றின் நுனிகளிலும் ஏராளமாக உண்டு.

இந்த வகை வந்தால் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் கேட்போம். அந்தத் தாய்க்கு எண்ணினோம். 45. ஒரு 14, ஒரு 21, ஒட்டியது ஒன்று. பொருள் குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. அவர் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறார். 45 உள்ளவர் நலமாகவும், 46 உள்ள குழந்தை டவுன் சிண்ட்ரோமோடும் இருப்பதை ஒரே மேசையில் அருகருகே வைத்துப் பார்த்த அந்தத் தம்பி, அதன்பிறகு அடுக்காமல் என்னிடம் எதையும் கொண்டுவந்ததில்லை.

மரபணு ஆலோசகர் அந்தக் குடும்பத்துக்கு விளக்கும்போது, குழந்தையின் ஆயாவுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார். மருமகள் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள், அதனாலா என்று ஆயா கேட்டார். தாயின் படத்தை அவர் பக்கம் திருப்பி, ஒட்டியிருந்ததைத் தொட்டுக் காட்டினேன். "இது இவர் பிறக்கும்போதே இவரிடம் இருந்தது, ஆயா. கர்ப்பத்தில் வந்ததில்லை." ஆயா விரலை வைத்து மெதுவாக எண்ணினார். 45 வந்ததும் இன்னொரு முறை எண்ணினார். பிறகு மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிரகணத்தைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

அந்தத் தாய்க்கு அடுத்த குழந்தையும் இப்படிப் பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து. தந்தை இதைச் சுமந்தால் மிகக் குறைவு. தாயின் சகோதர சகோதரிகளிடமும் இதே ஒட்டு இருக்கலாம் என்பதால் அவர்களையும் சோதிக்கச் சொல்வோம். எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவும் தெரியாமல் போயிருக்கும்.

இந்தப் படம் தவறவிடும் ஒரு நிலையும் இருக்கிறது. சிலருக்குக் கூடுதல் குரோமோசோம் எல்லாச் செல்லிலும் இராது, கலவையாக இருக்கும். பத்தில் ஒரு செல்லில்தான் 47 என்று வையுங்கள். 20 செல்களை எடுத்தால் அத்தனையும் 46-ஆகவே கையில் வருவதற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. 30 எண்ணினால் அது நூற்றுக்கு நான்காகக் குறையும். எனவே மருத்துவருக்குச் சந்தேகம் வலுவாக இருந்தால் 20-இல் நிறுத்தாமல் மேலும் எண்ணுகிறோம். ரத்தத்தில் இல்லாமல் தோலில் இருந்தால் அதுவும் போதாது, தோல் மாதிரி தேவைப்படும்.

உங்கள் அண்ணன் மகளின் அறிக்கையில் முதல் வரியைப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லியிருந்தால், `47,XX,+21` என்று இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நூற்றில் சுமார் 95 பேருக்கு அப்படித்தான். படத்தின் கடைசி வரிசையில் 21 என்ற எண்ணுக்கு மேல் மூன்று நிற்கும், தடித்த கறுப்புப் பட்டையை நீங்களே பார்க்கலாம். அப்படியென்றால் பெற்றோரின் குரோமோசோம்களைப் பொதுவாகச் சோதிக்கத் தேவையில்லை. அந்த வரி `46` என்று தொடங்கி, உள்ளே `der` என்ற எழுத்துகள் இருந்தால் அண்ணன், அண்ணி இருவரின் ரத்தத்தையும் எப்போது எடுக்கப் போகிறார்கள் என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.