எந்த சர்டிபிகேட் வேலை வாங்கித் தந்தது?

வணக்கம் சார்,

கடைசி வருடம் படிக்கிறேன். சைபர் செக்யூரிட்டியில், நிறுவனத்தின் மேல் தாக்குதல் வருகிறதா என்று கண்காணிக்கும் எஸ்ஓசி அனலிஸ்ட்டாக முதல் வேலையில் சேர ஆசை. எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் குழுவில் போட ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன்: “சீனியர்ஸ், சைபர் செக்யூரிட்டியில் வேலை கிடைக்க எந்த சர்டிபிகேஷன் பெஸ்ட்? கொஞ்சம் கைடு பண்ணுங்க.” ஒரே ஒரு தேர்வுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. இந்தச் செய்தி போதுமா, மாற்ற வேண்டுமா?

இறுதியாண்டு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றிவிடுங்கள். இப்படியே போட்டால் பத்து நிமிடத்தில் ஐந்தாறு பெயர்கள் வந்து விழும். நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் “சிஐஎஸ்எஸ்பி பண்ணுங்க, அதுக்குத்தான் மதிப்பு” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை, அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அதை முழுதாகப் பெற, அதன் பாடத்திட்டத்தில் உள்ள எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டிலாவது ஐந்து வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். பட்டப்படிப்பு இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அனுபவம் இல்லாமல் தேர்வில் மட்டும் தேறினால் அசோசியேட் என்றுதான் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அந்தச் சீனியருக்கு முதல் வேலையை அது வாங்கித் தந்திருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் கேள்வி ‘எது பெஸ்ட்’ என்று இருப்பதால், இன்று தன் பெயருக்குப் பின்னால் எது இருக்கிறதோ அதைச் சொல்கிறார். வேலைக்கு முன் வாங்கியது எது, வேலையில் சேர்ந்த பின் கம்பெனி பணம் கட்டி எழுதியது எது என்று அவராகப் பிரித்துச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வருடம். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்களில் ஒன்றான சிசிஎன்ஏ செக்யூரிட்டியால்தான் உள்ளே நுழைந்தேன் என்று ஒருவர் மனதாரச் சொல்வார். 2020 பிப்ரவரியில் சிஸ்கோ அந்தத் தனித்தனி சிசிஎன்ஏக்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டு, 200-301 என்ற ஒரே தேர்வாக்கிவிட்டது. அவர் எழுதிய தேர்வு இன்று இல்லை. காம்ப்டியா நடத்தும் ஆரம்பநிலைச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ்ஸிலும் SY0-601 என்ற பழைய தேர்வு 2024 ஜூலையோடு முடிந்து SY0-701தான் நடக்கிறது. சீனியர் அன்போடு அனுப்பும் புத்தகப் பொட்டலத்தைத் திறந்ததும் முதல் பக்கத்தில் இந்த எண்ணைப் பாருங்கள்.

இடமும் ஒரு சிக்கல்தான். அமெரிக்காவில் இருக்கும் சீனியர் செக்யூரிட்டி பிளஸ் இல்லாமல் வேலையே நடக்காது என்று சொன்னால், அவர் அளவில் அது சரியாக இருக்கலாம். அங்கே பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்பவர்களுக்கு எந்தப் பணிக்கு எந்தச் சான்றிதழ் என்று அரசே பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இதுவும் ஒன்று. அந்த விதியின் எண்ணை வைத்து முன்பு 8570 என்றார்கள், இப்போது 8140. அந்தக் கட்டாயம் இல்லாத இடத்தில் அதே சான்றிதழ் ரெஸ்யூமேயில் ஒரு வரி மட்டுமே.

சரி, செய்தியை இப்படிப் போட்டுப் பாருங்கள்:

“அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் இறுதியாண்டு. எஸ்ஓசி அனலிஸ்ட் லெவல் ஒன் வேலைக்குத் தயாராகிறேன். கடந்த மூணு வருஷத்துல செக்யூரிட்டியில முதல் வேலைக்குச் சேர்ந்தவங்ககிட்ட மட்டும் நாலு கேள்வி. ஆஃபர் வந்த அன்னைக்கு உங்க கையில எந்த சர்டிபிகேட் இருந்தது? அதைப் பத்தி எச்ஆர் கேட்டாங்களா, டெக்னிக்கல் ரவுண்டுல கேட்டாங்களா, யாருமே கேட்கலையா? டெக்னிக்கல் ரவுண்டுல கேட்டதுல ஞாபகம் இருக்கிற ஒரு கேள்வி என்ன? முதல் வேலை செக்யூரிட்டியிலேயேவா, வேற டீம்ல சேர்ந்து மாறினீங்களா? சர்டிபிகேட் இல்லாம சேர்ந்தவங்களும் சொல்லுங்க ப்ளீஸ். தனியா மெசேஜ் பண்ணினாலும் சரி.”

நீளம்தான். ஆனால் எல்லாமே நடந்ததைக் கேட்கும் கேள்விகள். யோசனை கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிடாதீர்கள். சான்றிதழே இல்லாமல் சேர்ந்தவர், இது நமக்கான கேள்வி இல்லை என்று பேசாமல் போய்விடுவார். அவர் பேசாவிட்டால் சேர்ந்தவர்கள் எல்லோரும் சான்றிதழோடு சேர்ந்ததுபோல உங்களுக்குத் தோன்றும். தனியாக வரும் செய்தியில்தான் ஆட்கள் மனம் விட்டும் பேசுவார்கள். “அந்த சர்டிபிகேட்டுக்குக் கட்டின பணம் தண்டம்” என்பதை நூறு பேர் பார்க்கும் இடத்தில் யார் எழுதுவார்?

பதில்கள் வந்த பின் படிப்பதில்தான் வேலை இருக்கிறது. இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம்: “சிஇஎச் இருந்தது. எச்ஆர் கேட்டாங்க. டெக்னிக்கல்ல அதைப் பத்திப் பேச்சே இல்லை, லாக் காட்டிக் கேட்டாங்க.” இதற்கு, ரெஸ்யூமேயை வடிகட்டும் இடத்தில் சிஇஎச் என்ற எதிக்கல் ஹேக்கிங் சான்றிதழ் வேலை செய்தது, அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். வடிகட்டியைத் தாண்டத்தான் வேண்டும், அதனால் இதுவும் முக்கியமான தகவல்தான். நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் முப்பது விளம்பரங்களை எடுத்து எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கட்டாயம் என்று கேட்பதற்கு ஒரு நிறம், இருந்தால் நல்லது என்பதற்கு வேறு நிறம். சீனியர்கள் சொன்ன பெயரும் இந்த எண்ணிக்கையும் ஒத்துப்போனால் அந்த வடிகட்டி உங்கள் வழியிலும் இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் விளம்பரத்தை நம்புங்கள், அது இந்த மாதத்துச் செய்தி.

இன்னொருவர் எழுதலாம்: “சிசிஎன்ஏ முடிச்சு நெட்வொர்க் மானிட்டரிங் டீம்ல சேர்ந்தேன், ஒண்ணரை வருஷம் கழிச்சு அதே கம்பெனியில எஸ்ஓசிக்கு மாறினேன்.” எனக்கு இந்த வகைப் பதில்தான் தங்கம். இவருடைய சான்றிதழ் வாங்கித் தந்தது செக்யூரிட்டி வேலையை அல்ல, அதன் பக்கத்து வேலையை. நீங்கள் அந்த வழியாகவும் போகத் தயார் என்றால் உங்கள் தேர்வே மாறிவிடும். நானும் அப்படி வந்தவன்தான். அதற்கு முன் ஒரு பயிற்சி நிறுவனம் வேலை உத்தரவாதம் என்று சொல்லி, விளம்பரங்களில் யாருமே கேட்காத ஒரு சான்றிதழைத் தலையில் கட்டியது. எண்ணிப் பார்க்கும் புத்தி அப்போது இல்லை.

ஓஎஸ்சிபி என்று ஒரு பதிலாவது வரும், கொஞ்சம் பெருமையோடு வரும். பெருமைப்படலாம். 23 மணி 45 நிமிடம் லேபில் உட்கார்ந்து இயந்திரங்களை உடைத்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும். ஆனால் அது தாக்குகிறவருக்கான தேர்வு. லெவல் ஒன் அனலிஸ்ட் செய்வது வருகிற அலர்ட்டைப் பார்த்து உண்மையா, வெறும் சத்தமா என்று பிரிப்பது. ஒரே தேர்வுக்குப் பணம் இருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள்.

டெக்னிக்கல் ரவுண்டில் லாக், அதாவது கணினி தானே எழுதிவைக்கும் பதிவு, காட்டுவார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? புதிதாகச் சேர வருபவர்களிடம் நானே பல முறை கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
22:14:03  4625  svc_backup  Type 3   203.0.113.45  0xC000006A
   (இதுபோல் 5 நிமிடத்தில் 60 வரிகள்)
22:19:41  4625  svc_backup  Type 3   203.0.113.45  0xC000006A
22:19:47  4624  svc_backup  Type 10  203.0.113.45
```

4625 என்றால் விண்டோஸில் லாகின் தோற்றது, 4624 என்றால் ஜெயித்தது. இதைச் சான்றிதழுக்குப் படித்த எல்லோரும் சொல்வார்கள். பாஸ்வேர்டை ஊகித்து முயன்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்வார்கள். பெரும்பாலானோர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

நான் காத்திருப்பது அடுத்ததற்கு. 0xC000006A என்றால் பயனர் பெயர் சரி, பாஸ்வேர்ட் தப்பு. பெயரே இல்லாவிட்டால் 0xC0000064 வந்திருக்கும். அதாவது தாக்குபவருக்கு இந்தக் கணக்கின் பெயர் முன்பே தெரிந்திருக்கிறது. அது எப்படி என்பது தனியாக விசாரிக்க வேண்டியது. அப்புறம் கடைசி வரி. டைப் 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்துவிட்டார். பேக்கப் எடுக்கும் சர்வீஸ் கணக்கு எதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பில், அதுவும் வெளி ஐபியிலிருந்து வர வேண்டும்? தோற்றவை டைப் 3, அதாவது நெட்வொர்க் வழி லாகின் ஆகவும் ஜெயித்தது டைப் 10 ஆகவும் இருப்பதைப் பார்த்துச் சிலர் இவை இரண்டும் வேறு வேறு சம்பவம் என்பார்கள். இல்லை. டெஸ்க்டாப் திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் அதென்டிகேஷன் போட்டிருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பில் தோற்கும் முயற்சிகள் டைப் 3 ஆகத்தான் பதிவாகும். இதைச் சொன்னவர் சொந்தமாக ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, தப்பான பாஸ்வேர்ட் அடித்து, ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவருடைய ரெஸ்யூமேயில் எந்தச் சான்றிதழ் இருந்தது என்று பிறகு நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

உங்கள் ஒரு தேர்வுக்கு என் கணக்கு இது. விளம்பர எண்ணிக்கை வேறு பெயரைக் காட்டாதவரை செக்யூரிட்டி பிளஸ். அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம், 900க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. கல்லூரிப் படிப்போடு சேர்த்துச் சமாளிக்கலாம். பக்கத்து வேலை வழியாகவும் நுழையத் தயார் என்றால் சிசிஎன்ஏ. அதன் பாடம் கூடுதலாக உழைப்பு வாங்கும், ஆனால் நெட்வொர்க் அடிப்படை கைக்கு வந்துவிடும். இரண்டுமே மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதனால் வேலை தேடத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு எழுதினால் போதும். குழுவில் யாராவது ‘டம்ப்’ என்று கேள்வித்தாள் கோப்பு அனுப்பினால் தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். பிடிபடாவிட்டாலும் மேலே உள்ள நாலு வரி லாக் முன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் கட்டும் முன் பதில்கள் வர ஒரு வாரம் பொறுங்கள். குழுவில் வரும் முதல் நாள் பதில்கள் எல்லாம் ஓய்வாக இருப்பவர்களுடையவை. லெவல் ஒன் ஆட்கள் ஷிஃப்டில் இருப்பார்கள், நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்துதான் எழுதுவார்கள்.