தலசீமியா கேரியர் என்று அறிக்கை வந்தால் என்ன பொருள்?

"கும்பகோணத்தில் கர்ப்பகாலப் பரிசோதனையில் நான் தலசீமியா கேரியர் என்றார்கள். பிள்ளைக்கு நோய் வருமா?"

அது உங்கள் கணவரின் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. தலசீமியா என்பது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோய். ஹீமோகுளோபினை உருவாக்கும் பீட்டா மரபணு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நம்மிடம் இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் பழுதானவரே கேரியர்; அவர் நோயாளி அல்லர். வயலுக்குள்ள இரண்டு மடைகளில் ஒன்று அடைபட்டாலும் மற்றதன் நீரில் பயிர் விளைந்துவிடுவதைப் போல, அவர் லேசான சோகையோடு இயல்பாக வாழ்வார். இரண்டும் கடுமையாகப் பழுதான குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஹெச்.பி.எல்.சி. எனும் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 பொதுவாக 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் கேரியர் என்பார்கள். கடும் இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், எல்லையோரமாக வந்த முடிவை அதைச் சரிசெய்தபின் மீண்டும் பார்ப்பது நல்லது.

மனைவிக்கு ஏ2 அளவு 5.2 விழுக்காடு என்று வந்தால், நாள் கடத்தாமல் கணவருக்கும் இதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். அவரிடம் எந்த ஹீமோகுளோபின் குறைபாடும் இல்லையெனில் குழந்தை கேரியராகலாமே தவிர, கடும் நோய் வராது. இருவருமே கேரியர் என்றால் நோய்க்கான வாய்ப்பு 25 விழுக்காடு. சுமார் 11ஆம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியின் திசுவைச் சிறிது எடுத்துச் சோதித்துக் கருவின் நிலையை அறியலாம். மாமன் மகள், அத்தை மகன் என உறவில் மணந்தவர்களிடம் ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுதல்.

முதல் குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் எனப் பலர் எண்ணுவது தவறு. ஒவ்வொரு கருவுக்கும் அதே 25 விழுக்காடு புதிதாகவே பொருந்தும்.