ரயில் போகும்போது மட்டும் தைக்கலாம்

கேள்வி: கொருக்குப்பேட்டையில ரயில் பாதையை ஒட்டின தெரு எங்களுது. கீழ் வீடு, பத்துக்குப் பதினொண்ணு அடியில ஒரே ரூம், மேல ஹவுஸ் ஓனர். அந்த ரூமுக்குள்ளயே ஒரு குறும்படம் எடுக்கணும். நடிக்க எங்க அக்கா மட்டும்தான், கையில 7,000 ரூபா, கேமரா போன்தான். அக்கா போன்ல பேசிக்கிட்டே இருக்கற மாதிரி 14 பக்கம் எழுதிட்டேன். படிச்சவங்க போரடிக்குதுங்கறாங்க. ரயில் சத்தம் வேற. அம்மாவோட தையல் மெஷினையும் பீரோவையும் நகர்த்தவே முடியாது. எப்படி எழுதறது?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: முதலில் அக்காவின் போனை அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஒரே நடிகர் என்றதும் எல்லோருடைய கையும் போனுக்குத்தான் போகிறது, அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. மறுமுனையில் பேசுகிறவரின் குரல் கேட்காது. அதனால் அவர் சொல்வதை எல்லாம் நடிகர் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். “என்னது, மாமா வந்துட்டாரா? எப்போ, நேத்தா? ஆஸ்பத்திரிக்கா?” நிஜத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அந்தக் குரலைக் கேட்கவிட்டால் படத்தில் இன்னொரு நடிகர் வந்துவிடுவார், அவர் சுமாராகப் பேசினாலே படம் படுத்துவிடும். இரண்டைவிடப் பெரிய குறை, பேசுகிறவர் எதையும் செய்வதில்லை. பத்து நிமிடம் பார்க்க நமக்கு ஒரு முகம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

14 பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒரு ராத்திரி பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அந்த அறையில் சும்மா உட்காருங்கள். ஒரு நோட்டில் மூன்றை மட்டும் எழுதுங்கள். எந்தச் சத்தம் எப்போது வருகிறது, எத்தனை விநாடி இருக்கிறது? விளக்கை அணைத்தால் வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது? எந்தப் பொருளை நகர்த்த முடியாது? ரயில்களை விநாடிக் கணக்கில் குறியுங்கள். மின்சார ரயில் என்றால் கால் நிமிடத்தில் கடந்துவிடும். கூட்ஸ் மெதுவாகப் போனால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கிற மூன்று தொல்லைகளையும் ஒரே இடத்தில் வையுங்கள். நகர்த்த முடியாத மெஷின், மேல் வீட்டு ஓனர், ரயில் சத்தம். கதை இவை மோதிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. ஒரு பெண், செல்வி என்று வைத்துக்கொள்வோம், விடிவதற்குள் ஒரு ப்ளவுஸைத் தைத்து முடிக்க வேண்டும். ராத்திரியில் மெஷின் சத்தம் கேட்கக் கூடாது என்று மேலே இருக்கிறவர் மாடிப்படிக்குக் கீழே போய் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுகிறார். மோட்டார் நின்றுவிட்டது. செல்வி மோட்டார் பெல்ட்டைக் கழற்றி, பழைய தோல் வாரை மாட்டிக் காலால் மிதிக்கிறாள். நாலு மிதி மிதிப்பதற்குள் மேலே கைத்தடியால் தரையை ‘டொக் டொக்’ என்று தட்டுகிறார்கள். கை சட்டென்று சக்கரத்தைப் பிடிக்கிறது. அப்போது ஒரு ரயில் வருகிறது. அந்தச் சத்தத்தில் தைத்தால் மேலே கேட்காது.

உங்கள் ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்று பயந்த ரயில்தான் இப்போது கதையின் கடிகாரம். ரயில் வந்தால் தைக்கலாம், போய்விட்டால் நிறுத்த வேண்டும். பழகிய கை ப்ளவுஸின் ஒரு பக்கத் தையலைக் கிட்டத்தட்ட கால் நிமிடத்தில் ஓட்டிவிடும், அதாவது ஒரு மின்சார ரயில் நேரம். அக்காவை உட்கார வைத்து ஸ்டாப்வாட்ச்சில் அளந்துகொள்ளுங்கள். ஒரு தையல் முடிய இரண்டு அங்குலம் இருக்கும்போது ரயில் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை வைத்தே ஒரு காட்சி எழுதலாம்.

ஏன் விடிவதற்குள் முடிக்க வேண்டும்? அவளைப் பேச வைத்துச் சொல்லாதீர்கள். துணியில் குத்திய துண்டுச் சீட்டில் ‘முகூர்த்தம் 6 – 7.30’ என்று இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பாக்கெட் நோட்டு, அதில் மாதப் பெயர்களுக்கு எதிரே ‘வாடகை’ என்று எழுதி டிக் போட்டிருக்கிறது, கடைசி இரண்டு மாதத்துக்கு டிக் இல்லை. மேலே தட்டுகிறவருக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் அவர் நிறுத்தச் சொல்லும் சத்தத்திலிருந்துதான் வர வேண்டும். இதைப் பார்வையாளர் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார்.

படிக்கிறவர்கள் உடனே இரண்டு கேள்வி கேட்பார்கள். அதற்கு அறையிலேயே பதில் வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் போய்த் தைக்கலாமே என்றால், இரும்புக் கால் வைத்த மெஷினை ஒருத்தி தூக்க முடியாது. முதல் நிமிடத்திலேயே அவள் அதை இழுத்துப் பார்க்கட்டும், தரையில் கீறல் விழுந்து நின்றுவிடும். கையால் தைக்கலாமே என்றால், தைத்துப் பார்க்கட்டும். ஒரு அங்குலம் நகர அரை நிமிடம் போகிறது, சீட்டைப் பார்க்கிறாள், ஊசியைக் குத்தி வைக்கிறாள். இவ்வளவு போதும். ஓட்டையை வசனத்தால் அடைத்தால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும்.

எழுதும்போது பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். வசனம் நிறைந்த கதைக்கு அது ஓரளவு பொருந்தும், செயல் மட்டும் இருக்கும் கதையில் அரைப் பக்கம் இரண்டு நிமிடம் ஓடும். ரயில் ரயிலாகப் பிரித்து எழுதுங்கள். ஐந்து ரயில், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அமைதி, மொத்தம் ஏழு நிமிடத்துக்குள். இப்படி:

*மூன்றாவது ரயில். கூட்ஸ், 70 விநாடி. செல்வி வலது பக்கத்தை முடித்துக் கையைத் தொடங்குகிறாள். முதல் முறையாக முதுகை நிமிர்த்திக்கொண்டு மிதிக்கிறாள். கீழே பாபினில் நூல் தீர்ந்துவிடுகிறது. ஊசி குத்துகிறது, தையல் விழவில்லை. பாபினை எடுத்து நூல் சுற்றுகிறாள். ரயில் தேய்கிறது. பாபினைப் போட்டு மூடும்போது ரயில் இல்லை.*

‘செல்வி வாடகையை நினைத்துக் கவலைப்படுகிறாள்’ என்று எழுதினால் கேமராவுக்கு அதில் வேலை இல்லை. ‘கை சக்கரத்தின் மேல். மேலே கட்டில் கிறீச்சிடுகிறது. கையை எடுக்கவில்லை’ என்று எழுதினால் அக்காவுக்கும் புரியும், கேமராவை எங்கே வைப்பது என்று உங்களுக்கும் தெரியும். ஓனரை மனுஷனாகக் காட்டவும் வேண்டாம், பேச வைக்கவும் வேண்டாம். செருப்புச் சத்தம், கட்டில், தடி போதும்.

முடிவும் அறைக்குள்ளேயே இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி வருகிறது என்று வையுங்கள். ஒரு கை பாக்கி, ரயில் வரவில்லை. அவள் காத்திருக்கிறாள். பிறகு அந்த அமைதியிலேயே மிதிக்கத் தொடங்குகிறாள். மேலே தட்டுகிறார்கள், அவள் நிறுத்தவில்லை. ஓனர் மனம் மாறி பீஸ் கட்டையைத் திரும்பப் போடுவதாக எழுத ஆசை வரும். போடாதீர்கள், அது அவருடைய கதையாகிவிடும்.

இனி அறை சொல்வதை ஸ்கிரிப்ட்டில் ஏற்ற வேண்டும். போனின் மெயின் கேமராவைப் படுக்கவாட்டில் வைத்து, நிற்கிற ஆளைத் தலை முதல் கால் வரை காட்ட ஏறக்குறைய எட்டு அடி விலக வேண்டும். உங்கள் அறையில் பீரோவும் மெஷினும் போக அந்த எட்டு அடி வாசலிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். அகல லென்ஸுக்கு மாறினால் ஓரத்தில் சுவர் வளையும், இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் செல்வியை உட்கார்ந்தபடியே எழுதுங்கள். அவள் எழுந்து நிற்பது படத்தில் இரண்டே தடவை இருக்கட்டும், இரண்டையும் வாசலிலிருந்து எடுங்கள்.

ராத்திரி கரண்ட் இல்லாத கதை என்பதால் ஃபேன் நின்றிருப்பதும், முகம் வியர்ப்பதும் இயல்பாகிவிடுகிறது. நல்ல ஒலிக்கு எப்படியும் ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஃபேன் மெல்லச் சுற்றி நிற்பதே முதல் ஷாட். எதிர் வீட்டு ஜன்னல் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் தொடர்ந்து விழுகிறது, கரண்ட் போனது இவளுக்கு மட்டும்தான் என்பது வசனம் இல்லாமல் தெரிகிறது. அந்த வெளிச்சத்தை நம்பி எடுக்காதீர்கள், எதிர் வீட்டுக்காரர் படுக்கப் போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே 9 வாட் மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டி, முன்னால் பட்டர் பேப்பர் தொங்கவிடுங்கள். மலிவான பல்பில் படம் பட்டை பட்டையாக ஓடினால் போனின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/50-க்கு வைத்துப் பாருங்கள், அப்படியும் ஓடினால் பல்பை மாற்றுங்கள். படப்பிடிப்பு நேரத்தில் அறைக்கு நிஜத்தில் கரண்ட் இருக்கும். சுவிட்ச் போர்டின் சிவப்பு இண்டிகேட்டரைக் கறுப்பு டேப்பால் மறையுங்கள். இந்த ஒரு சிவப்புப் புள்ளி மொத்தக் கதையையும் பொய்யாக்கிவிடும்.

பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது துணிக்கு. தைத்த தையலைப் பிரித்து மறுபடி டேக் எடுக்க முடியாது, ஊசித் துளை தெரியும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரே நிறத்தில் நான்கு ப்ளவுஸ் பிட் வாங்குங்கள். ஒன்று வெட்டியது, ஒன்று ஒரு பக்கம் தைத்தது, ஒன்று கை மட்டும் பாக்கி, ஒன்று கெட்டுப்போக. தூர ஷாட்டில் ஊசியில் நூல் கோக்காமலே ஓட்டலாம், க்ளோஸப்புக்கு மட்டும் நூல் கோத்தால் போதும். அடுத்த செலவு காலர் மைக், அதற்கடுத்தது இரண்டு ராத்திரிச் சாப்பாடு. மிச்சத்தைத் தொடாதீர்கள், எதையாவது மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ரயில் சத்தத்தை உங்கள் ஜன்னலிலிருந்தே தனியாக நாலைந்து தடவை பதிவு செய்து எடிட்டிங்கில் போடுங்கள். தண்டவாளத்துப் பக்கம் கேமராவைக் கொண்டுபோக வேண்டாம், அதற்கு ரயில்வே அனுமதி வேண்டும். ரயில் ஷாட்களில் நேரடி ஒலி தேவையில்லை என்பதால், ஓரமாக நின்று “வந்துடுச்சு”, “போயிடுச்சு” என்று நீங்களே குரல் கொடுக்கலாம். அக்கா அதற்கேற்ப மிதிப்பார். அமைதி ஷாட்டின் நடுவே நிஜ ரயில் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். அமைதி ஷாட் எதுவும் ஒரு ரயிலுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. நோட்டில் விநாடிக் கணக்கு எழுதச் சொன்னது இதற்கும்தான்.

ஃப்ரிட்ஜ் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், அதன் உறுமல் அமைதியில் பெரிதாகக் கேட்கும். அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறந்தால்தான் சுவிட்ச் போடும் ஞாபகம் வரும், அம்மாவின் தோசை மாவும் பிழைக்கும்.