போட்டோவில் வந்த வினாத்தாளுக்கு விடைக்குறிப்பு: இரண்டு விடை வந்தால் எதைப் போடுவது?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 4 படிப்பவர்களுக்கு ஒரு குழு நடத்துகிறேன். தேர்வு முடிந்த அன்று மாலையே வினாத்தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆன்சர் கீ போட்டுத் தாங்க சார்" என்கிறார்கள். சில கேள்விகளுக்கு இரண்டு விடை சரியாகத் தெரிகிறது. ஒன்றைப் போட்டால் சண்டை, காலியாக விட்டால் "சாருக்கே தெரியல" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: குழப்பம் கேள்வியில் இருக்கிறதா, போட்டோவில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். "இரண்டு விடை வருது" என்று தகராறு கிளம்பும் கேள்விகளில் சில, படத்தில் ஒரு வரி விழாமல் போனவையாக இருக்கும். "2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள மாவட்டங்கள் எத்தனை?" என்று கேட்டால் விடை 32. அந்த முதல் பாதி புத்தகத்தின் மடிப்புக்குள் போய்விட்டால், மீதியைப் படிப்பவர் 38 என்று போடுவார். இரண்டும் விருப்பங்களில் இருந்தால் அன்று இரவு முழுக்க வாக்குவாதம்தான். வினாத்தாள் தெளிவாகத்தான் இருந்தது, படம்தான் வரியை விழுங்கிவிட்டது.

அதனால் படத்தை வாங்கும்போதே கறாராக இருங்கள். தாளை மேசையில் விரித்து வைத்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கம், நேர் மேலிருந்து, ஃபிளாஷ் போடாமல் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். 2³ என்பது 23 ஆகத் தெரிவதும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போவதும் இந்தச் சுருக்கத்தால்தான். பதிவெண் எழுதிய இடத்தைக் கையால் மறைத்து எடுக்கச் சொல்வதும் நல்லது, படம் எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

படங்கள் வந்ததும் விடை தேட உட்காராதீர்கள். ஒரு படத்தின் கடைசிக் கேள்வி எண்ணும் அடுத்த படத்தின் முதல் எண்ணும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு "தவறானது எது", "பொருந்தாதது எது" என்று கேட்கும் கேள்விகளை வட்டமிட்டுக்கொள்ளுங்கள்; அவசரத்தில் 'தவறானது' கண்ணில் படாமல் போவது சகஜம். அனுப்பியவர் பென்சிலில் டிக் அடித்த தாள் என்றால் கவனம் தேவை. அந்த டிக் நம்மை அறியாமலேயே இழுக்கும். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக விடை எழுதி, கடைசியில் ஒப்பிடுங்கள். இருவரும் வேறுபடும் கேள்விகளை மட்டும் தனியே எடுத்தால் சந்தேகப் பட்டியல் தானாகத் தயாராகிவிடும்.

இனி அந்தப் பட்டியலில் மிஞ்சுபவை. பொது அறிவுப் பகுதியில் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று வினாத்தொகுப்பின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், பலர் அதைப் படிப்பதே இல்லை. "முதல் இந்திய கவர்னர் ஜெனரல் யார்?" என்று தமிழில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விருப்பங்களில் வாரன் ஹேஸ்டிங்ஸ், வில்லியம் பெண்டிங், மவுண்ட்பேட்டன், ராஜாஜி நால்வரும் இருக்கிறார்கள். நால்வருமே ஏதோ ஒரு வகையில் 'முதல்'தான். ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல். 1833 பட்டயச் சட்டத்தால் இந்தியா முழுமைக்கும் முதலில் அந்தப் பதவிக்கு வந்தவர் பெண்டிங். சுதந்திர இந்தியாவுக்கு மவுண்ட்பேட்டன். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் ராஜாஜி. தமிழ் வரியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசினாலும் முடிவு வராது. ஆங்கில வரியில் 'ஆஃப் இந்தியா' என்று இருந்தால் பெண்டிங், பதவிப் பெயருக்கு முன்னால் 'இந்தியன்' என்று இருந்தால் ராஜாஜி, அவ்வளவுதான். அதனால் ஆங்கிலப் பகுதி படத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

ஆங்கில வரியும் கைகொடுக்காத கேள்விகள் உண்டு, கணக்கில் குறிப்பாக. "இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி 12, மீச்சிறு பொது மடங்கு 72. அவற்றின் கூடுதல் என்ன?" எண்களை 12a, 12b என்று கொண்டால் ab = 6 வரும்; a, b இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 1, 6 என்று எடுத்தால் எண்கள் 12, 72, கூடுதல் 84. 2, 3 என்று எடுத்தால் 24, 36, கூடுதல் 60. இரண்டும் கணக்குப்படி சரி. இங்கே விருப்பங்களைப் பாருங்கள். 60 மட்டும் இருந்து 84 இல்லையென்றால் சிக்கலே இல்லை, விடை 60. இரண்டும் இருந்தால்தான் கேள்வி உண்மையில் பழுது. வினா எடுத்தவர் 24, 36-ஐ நினைத்திருக்கலாம் என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் அதை உறுதியான விடையாக எழுதாதீர்கள்.

அப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கீயில் ஒரு எழுத்தோடு நிறுத்தாமல் இப்படி எழுதுங்கள்:

112 – B
113 – A அல்லது C (சந்தேகம்: 24, 36 எனில் 60; 12, 72 எனில் 84. எண்களைப் பற்றி வேறு நிபந்தனை தரப்படவில்லை)
114 – படம் தெளிவில்லை, D விருப்பம் தெரியவில்லை

சந்தேகம் என்பதைக் குறிக்க E என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் E என்றால் 'விடை தெரியவில்லை' என்று அர்த்தம். உங்கள் கீயைப் பார்ப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

மதிப்பெண் கூட்டும்போதும் இந்தப் பிரிவு உதவும். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. ஒருவருக்கு உறுதியான விடைகளில் 150 சரி, சந்தேகப் பட்டியலில் 6 கேள்விகள் என்றால், அவர் மதிப்பெண் 225-லிருந்து 234-க்குள். அந்த வீச்சை அப்படியே சொல்லுங்கள். ஒரே எண்ணைச் சொல்லிவிட்டால் கட்-ஆஃப் பேச்சு வரும்போது ஒன்பது மதிப்பெண்ணும் உங்கள் தலையில்தான் விழும்.

தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டதும் உங்கள் சந்தேகப் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் கெடுவுக்குள், இணையதளம் வழியாகத்தான் தெரிவிக்க வேண்டும், அதையும் தேர்வு எழுதியவர்தான் செய்ய வேண்டும். கைடு பக்கத்தைச் சான்றாக இணைப்பதில் பலன் குறைவு. பள்ளிப் பாடநூலின் பக்கத்தை, பதிப்பு ஆண்டு தெரியும் முகப்போடு இணைக்கச் சொல்லுங்கள். 113 போன்ற கணக்குக்குப் பாடநூல்கூட வேண்டாம். இரண்டு வழியையும் நான்கு வரியில் எழுதி, இரண்டும் நிபந்தனையை நிறைவு செய்வதைக் காட்டினால் போதும்.

கீயின் தலைப்பில் தேதியும் 'திருத்தம் 1', 'திருத்தம் 2' என்ற குறிப்பும் தவறாமல் இருக்கட்டும். நீங்கள் மாற்றிய பிறகும் பழைய கீ நாலு குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்; எந்தெந்தக் கேள்வி எண்ணில் விடை மாறியது என்று மேலேயே எழுதிவிட்டால், யாரும் 200 விடைகளையும் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்காது.